குடற்புழுக் கள ஆய்வின் சுவரொட்டிச் சுருக்கம்: முடிவுகளும் வரம்புகளும் – விருத்தாசலம் தொடக்கப்பள்ளிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவம், உயிரியல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்கள் தாம் மேற்கொண்ட சிறு கள ஆய்வுகளைக் கருத்தரங்குகளில் சுவரொட்டியாக வைப்பது வழக்கம். அதற்கு முன்னர் ஏறத்தாழ இருநூற்றைம்பது சொற்களில் ஒரு சுருக்கத்தை அனுப்ப வேண்டும். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் குடற்புழுத் தொற்றைப் பற்றிய சுருக்கம் பெரும்பாலும் ஒரே ஒரு விழுக்காட்டில் முடிந்துவிடுகிறது. அந்த விழுக்காடு எவ்வாறு உருவாகிறது, எதை மறைக்கிறது, அதன் வரம்புகளை எவ்வாறு எழுத வேண்டும் என்பவற்றை விருத்தாசலம் பகுதியைக் களமாகக் கொண்ட ஓர் எடுத்துக்காட்டின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடற்புழு, கொக்கிப்புழு, கேட்டோ–காட்ஸ் முறை, பரவல் விகிதம், நம்பிக்கை இடைவெளி, ஆய்வு வரம்பு, விருத்தாசலம்.

முன்னுரை

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த பழமையான கோயில் நகரம். பீங்கான் தொழிலுக்கும் பெயர்பெற்றது. நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் களிமண், அரசின் பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஆகியவை இந்நகருக்கு அந்த அடையாளத்தைத் தந்தன. நகரைச் சுற்றியுள்ள செம்மண் நிலங்களில் முந்திரித் தோப்புகள் பரந்துள்ளன. இத்தகைய ஊரில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் குடற்புழுத் தொற்றை ஆராய முற்படும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் கருதுகோள், மண்ணோடு புழங்கும் தொழிலுக்கும் மண்ணால் பரவும் புழுக்கும் தொடர்பு இருக்கும் என்பதாகும். இக்கருதுகோள் இயல்பாகத் தோன்றினாலும் கவனமாக அணுக வேண்டியது.

மனிதரைத் தாக்கும் மண்வழிக் குடற்புழுக்களில் முதன்மையானவை உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றாகும். இவை மண்ணில் தாமாகத் தோன்றுவன அல்ல. தொற்றுடைய ஒருவரின் மலம் நிலத்தில் விழுந்து, அதிலுள்ள முட்டைகள் மண்ணில் வளர்ச்சி பெற்ற பின்னரே மற்றொருவருக்குத் தொற்று ஏற்படுகிறது. உருளைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் கை, உணவு, நீர் வழியாக வாயை அடைகின்றன. கொக்கிப்புழுவின் முட்டை மண்ணிலேயே பொரிந்து இளவுயிரியாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. எனவே நிலத்தின் ஆழத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பீங்கான் களிமண்ணைக் காட்டிலும், மக்கள் வெளிக்குச் செல்லும் தோப்பின் மேல்மண்ணே இங்குக் கருதத்தக்கது. மரநிழலும் ஈரமும் உடைய, நீர் தேங்காத மணற்பாங்கான மண் கொக்கிப்புழுவின் இளவுயிரிக்கு ஏற்றது. ஆகவே பெற்றோரின் தொழிலை மட்டும் கேட்கும் வினாநிரல் போதாது. வீட்டில் கழிப்பறை உள்ளதா, குழந்தை அதைப் பயன்படுத்துகிறதா, வெளிக்குச் செல்லும் இடம் எது, அங்குச் செருப்பு அணிந்து செல்கிறதா என்னும் வினாக்களே தொற்றின் வழியைத் தொடுபவை.

இவ்வளவையும் முறையாகச் செய்த பின்னரும், சுருக்கத்தில் எழுதப்படும் ஒரு வாக்கியம் ஆய்வின் பொருளையே திரித்துவிடக்கூடும். இதனை விளக்க, கீழே ஓர் எடுத்துக்காட்டு ஆய்வு அமைக்கப்படுகிறது. இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. விருத்தாசலத்தின் எந்தப் பள்ளியிலும் எடுக்கப்பட்ட அளவீடு அன்று.

எடுத்துக்காட்டு ஆய்வு

மாணவர் குழு ஒன்று விருத்தாசலம் நகரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள நான்கு தொடக்கப்பள்ளிகளைத் தேர்கிறது எனக் கொள்வோம். அவை அ, ஆ, இ, ஈ எனக் குறிக்கப்படுகின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பள்ளி நிர்வாகத்தின் இசைவு, பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல், குழந்தையின் வாய்மொழி இசைவு ஆகியன பெறப்படுகின்றன. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள 320 குழந்தைகளுக்கு முதல்நாள் மாலை மூடியுள்ள சிறு குப்பிகள் வழங்கப்படுகின்றன. மறுநாள் காலை 200 குழந்தைகள் மல மாதிரியுடன் வருகின்றனர். பள்ளிக்கு 50 பேர். ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் கேட்டோ–காட்ஸ் முறையில் ஒரு வில்லை தயாரித்து நுண்ணோக்கியில் பார்க்கப்படுகிறது. களப்பணி மார்ச் மாத இறுதியில் நடைபெறுகிறது.

பதினாறு குழந்தைகளிடம் புழு முட்டைகள் காணப்படுகின்றன. பதினான்கு பேரிடம் கொக்கிப்புழு, மூவரிடம் உருளைப்புழு, அவர்களுள் ஒருவரிடம் இரண்டும். குழு பின்வருமாறு முடிவுரைக்கிறது: "விருத்தாசலம் பகுதித் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளில் குடற்புழுத் தொற்று 8 விழுக்காடு மட்டுமே. குடற்புழு நீக்கத் திட்டம் வெற்றி பெற்றுள்ளது."

இவ்விரண்டு வாக்கியங்களும் தவறானவை. முதலாவது, காணப்பட்டதற்கும் இருப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை மறந்தது. இரண்டாவது, ஆய்வு கேட்காத வினாவுக்கு விடை தருகிறது. இது சொல்லாட்சிப் பிழை மட்டுமன்று. தொற்றின் பரவல் 20 விழுக்காட்டை எட்டும் பகுதிகளில் குழந்தைகள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையும், 50 விழுக்காட்டைக் கடக்கும் பகுதிகளில் இருமுறையும் மருந்து வழங்க உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. எனவே ஒரு விழுக்காடு அந்த எல்லைக்கு மேலா கீழா என்பது மாத்திரை வழங்கும் முடிவோடு தொடர்புடையது. அந்த 8 விழுக்காட்டை ஒவ்வொரு படியாகப் பிரித்து நோக்குவது தேவையாகிறது.

வில்லையில் தெரிவதும் தெரியாததும்

கேட்டோ–காட்ஸ் முறையில், நடுவில் துளையுடைய ஓர் அச்சுத்தகடு கண்ணாடி வில்லையின்மீது வைக்கப்படுகிறது. வலையால் சலித்த மலம் அத்துளையில் நிரப்பப்படுகிறது. பரவலாகப் பயன்படும் தகட்டின் துளை 41.7 மில்லிகிராம் மலத்தைக் கொள்ளும். தகட்டை எடுத்தபின், கிளிசரினில் ஊறவைத்த செலோபேன் தாளால் மலத்தை மூடி அழுத்துவர். கிளிசரின் மலத்தைத் தெளிவாக்க, முட்டைகள் கண்ணுக்குப் புலனாகும். வில்லையில் எண்ணிய முட்டைகளை 24 ஆல் பெருக்கினால் ஒரு கிராம் மலத்திலுள்ள முட்டைகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

இப்பெருக்கல் எண்ணே இம்முறையின் முதல் வரம்பையும் காட்டுகிறது. வில்லையில் ஒரே ஒரு முட்டை தெரிந்தாலும் அது கிராமுக்கு 24 முட்டைகளாகக் கணக்கிடப்படும். அதற்குக் குறைவான தொற்றை இம்முறை உறுதியாகக் காண இயலாது. ஒரு குழந்தையின் மலத்தில் கிராமுக்கு 12 முட்டைகள் உள்ளன எனக் கொண்டால், ஒரு வில்லையில் சராசரியாக அரை முட்டையே விழும். முட்டைகள் மலத்தில் சீராகக் கலந்திருந்தால்கூட, அத்தகைய நூறு வில்லைகளில் ஏறத்தாழ 61 வில்லைகளில் ஒரு முட்டையும் இராது. இரண்டு வில்லைகள் பார்த்தால் தவறவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறையும். உண்மையில் முட்டைகள் மலத்தில் சீராகப் பரவியிருப்பதில்லை. நாளுக்கு நாள் வெளியேறும் அளவும் மாறும். ஆகவே தவறவிடும் வாய்ப்பு இக்கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். தொற்று மிகுந்த குழந்தையை ஒரு வில்லையே காட்டிக்கொடுக்கும். இலேசான தொற்றுடைய குழந்தையே விடுபடும். மாத்திரைகள் தொடர்ந்து வழங்கப்படும் பகுதிகளில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இலேசான தொற்று என்பதால், திட்டம் முன்னேற முன்னேற இம்முறையின் கண் மங்குகிறது.

இரண்டாவது வரம்பு காலத்தைச் சார்ந்தது. கொக்கிப்புழு முட்டையின் ஓடு மிக மெல்லியது. மலத்தைத் தெளிவாக்கும் அதே கிளிசரின், சற்று நேரத்தில் அம்முட்டையையும் தெளிவாக்கி மறைத்துவிடுகிறது. ஆதலால் வில்லை தயாரித்த 30 முதல் 60 நிமிடங்களுக்குள் கொக்கிப்புழுவைப் பார்த்து முடிக்க வேண்டும். உருளைப்புழு, சாட்டைப்புழு முட்டைகளின் ஓடு தடித்திருப்பதால் அவை நெடுநேரம் தெரியும். மேலும், வெப்பமான நாளில் அறையில் கிடக்கும் மாதிரியில் கொக்கிப்புழு முட்டைகள் வளர்ந்து, ஓரிரு நாளில் பொரிந்தும் விடும். எனவே மாதிரியைக் குளிர்ந்த பெட்டியில் கொண்டுசென்று அன்றே பார்ப்பது இன்றியமையாதது.

மாணவர் ஆய்வுகளில் தவறு நேர்வது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். ஒரு பள்ளியின் 50 மாதிரிகளுக்கும் நண்பகலில் ஒருசேர வில்லை தயாரித்து, ஒரே நுண்ணோக்கியில் வரிசையாகப் பார்த்தால், ஒரு வில்லைக்கு ஐந்து நிமிடம் எனக் கொண்டாலும் நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். முதல் பத்துப் பன்னிரண்டு வில்லைகளைத் தவிர மற்றவற்றில் கொக்கிப்புழுவைக் காணும் வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும். இப்பிழை நேர்ந்ததா என்பதைப் பதிவேட்டிலிருந்தே அறியலாம். ஒவ்வொரு வில்லைக்கும் தயாரித்த நேரம், பார்த்த நேரம் இரண்டையும் குறித்திருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தவற்றையும் அதன்பின் பார்த்தவற்றையும் தனித்தனியே எண்ணலாம். பின்னதில் கொக்கிப்புழு மட்டும் குறைந்து உருளைப்புழு குறையாமல் இருந்தால், குழந்தைகளிடம் புழு இல்லை என்பதன்று காரணம்; வில்லை காத்திருந்ததே காரணம். பத்துப் பத்தாகத் தயாரித்து உடனுக்குடன் பார்ப்பது இப்பிழையைத் தடுக்கும் எளிய வழி.

எல்லாம் சரியாக நடந்தாலும், ஒரு மாதிரி ஒரு வில்லை என்னும் அமைப்பு கொக்கிப்புழுத் தொற்றுகளில் ஏறத்தாழப் பத்தில் ஆறை மட்டுமே கண்டறியும் எனக் கொள்ளலாம். அவ்வாறாயின், காணப்பட்ட 8 விழுக்காட்டை 0.6 ஆல் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 13 விழுக்காடு. உருளைப்புழுவுக்கும் இதே அளவைக் கொள்வது தோராயமே. எனவே இத்திருத்தத்தை முடிவாக எழுதாமல், உண்மையான பரவல் எவ்வளவு கூடுதலாக இருக்கக்கூடும் என்பதன் அறிகுறியாகவே எழுத வேண்டும்.

நான்கு பள்ளிகளும் ஒரு சராசரியும்

பதினாறு குழந்தைகள் நான்கு பள்ளிகளிலும் எவ்வாறு பரவியுள்ளனர் என்பதை மேற்கண்ட முடிவுரை கூறவில்லை. எடுத்துக்காட்டில் அது பின்வருமாறு அமைகிறது.

| பள்ளி | பார்த்த மாதிரி | முட்டை காணப்பட்டவை | விழுக்காடு |
|---|---|---|---|
| அ | 50 | 0 | 0 |
| ஆ | 50 | 2 | 4 |
| இ | 50 | 3 | 6 |
| ஈ | 50 | 11 | 22 |
| மொத்தம் | 200 | 16 | 8 |

மூன்று பள்ளிகளில் தொற்று மிகக் குறைவு. தோப்பையொட்டிய ஈ பள்ளியில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல். எட்டு விழுக்காடு என்பது இந்நான்கில் எப்பள்ளியின் நிலையும் அன்று. ஈ பள்ளிக் குழந்தைகளைப் பொறுத்தவரை அச்சராசரி அவர்களின் தொற்றை மறைத்துவிடுகிறது.

இத்தகைய ஏற்றத்தாழ்வு தமிழகத்திலேயே காணப்பட்டது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் அரசுப் பள்ளிக் குழந்தைகளிடையே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வு 2014இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. அதில் மண்வழிக் குடற்புழுக்களின் மொத்தப் பரவல் 7.8 விழுக்காடு. ஆனால் பள்ளிவாரியாக நோக்கியபோது அது சுழியிலிருந்து 20.4 விழுக்காடு வரை வேறுபட்டது. நகர்ப்புறப் பள்ளிகளைவிட ஊர்ப்புறப் பள்ளிகளில் தொற்று கூடுதலாக இருந்தது. பல பள்ளிகளை உள்ளடக்கிய அவ்வாய்விலேயே பள்ளிக்குப் பள்ளி இவ்வளவு வேறுபாடு இருந்ததெனில், நான்கே பள்ளிகளை நோக்கும் மாணவர் ஆய்வு எந்த நான்கைத் தேர்ந்தது என்பதே அதன் முடிவைப் பெருமளவு தீர்மானித்துவிடும்.

இது நம்பிக்கை இடைவெளியில் வெளிப்படுகிறது. இருநூறு குழந்தைகளும் ஒருவரோடொருவர் தொடர்பின்றித் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எனக் கருதிக் கணக்கிட்டால், 16/200 என்பதற்கு 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 5.0 முதல் 12.6 வரை ஆகும். பெரும்பாலான சுருக்கங்கள் இதையே தரும். ஆனால் ஒரே பள்ளியின் குழந்தைகள் ஒரே தெரு, ஒரே தோப்பு, ஒரே மண்ணைப் பகிர்பவர்கள். ஒரு குழந்தைக்குத் தொற்று இருப்பது அடுத்த குழந்தைக்கும் இருக்கும் வாய்ப்பை உயர்த்துகிறது. எனவே ஆய்வின் உண்மையான அலகு குழந்தை அன்று, பள்ளி. நான்கு பள்ளிகளின் விழுக்காடுகளை நான்கு அளவீடுகளாகக் கொண்டால் சராசரி 8. அதன் திட்டப்பிழை ஏறத்தாழ 4.8. நான்கு அளவீடுகளுக்கு உரிய பெருக்கு எண்ணாகிய 3.18 ஆல் பெருக்கினால் 15.4 கிடைக்கும். அதாவது இடைவெளியின் மேல் எல்லை ஏறத்தாழ 23 விழுக்காடு. கீழ் எல்லை சுழிக்கும் கீழே சென்றுவிடுவதால் சுழியே எனக் கொள்ள வேண்டும்.

சுழி முதல் 23 வரை என்னும் இடைவெளி மாணவருக்கு ஏமாற்றம் தரலாம். ஆனால் அதுவே நேர்மையான விடை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 20 விழுக்காட்டு எல்லை இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. எனவே விருத்தாசலம் பகுதி அந்த எல்லைக்கு மேலா கீழா என்பதை இந்த ஆய்வால் கூற இயலாது. ஒரு பள்ளியில் 50 குழந்தைகளுக்குப் பதிலாக 100 குழந்தைகளைப் பார்ப்பதால் இந்நிலை பெரிதும் மாறாது. நான்கு பள்ளிகளுக்குப் பதிலாக இருபது பள்ளிகளில் பத்துப்பத்துக் குழந்தைகளைப் பார்த்திருந்தால், அதே 200 வில்லைகளின் உழைப்பில் இடைவெளி கணிசமாகக் குறுகியிருக்கும். இத்திருத்தம் களப்பணிக்கு முன்னரே செய்யத்தக்கது. பின்னர் எந்தக் கணக்காலும் அதை ஈடுசெய்ய முடியாது.

திரும்பாத குப்பிகள்

வழங்கிய 320 குப்பிகளில் 120 திரும்பவில்லை. மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் ஆய்வுக்கு வெளியே நிற்கின்றனர். வீட்டில் கழிப்பறை உள்ள குழந்தைக்கு மாதிரி எடுத்துவருவது எளிது. விடியற்காலையில் தோப்புக்குச் செல்லும் குழந்தை குப்பியை மறந்துவிடலாம். கூச்சத்தாலோ, உதவி செய்யப் பெரியவர் வேலைக்குச் சென்றுவிட்டதாலோ கொண்டுவராமல் இருக்கலாம். அவ்வாறாயின் தொற்று மிகுதியாக இருக்கக்கூடிய குழந்தைகளே கணக்கிலிருந்து விடுபடுகின்றனர்.

இதன் விளைவை எளிய கணக்கால் சோதிக்கலாம். திரும்பாத 120 பேரிடையே தொற்று இருமடங்காக, அதாவது 16 விழுக்காடாக இருந்தால், அவர்களில் 19 பேருக்குத் தொற்று இருக்கும். காணப்பட்ட 16ஐயும் சேர்த்தால் 320க்கு 35. ஏறத்தாழ 11 விழுக்காடு. மாறாக அவர்களிடம் தொற்று பாதியாக இருந்தால் மொத்தம் ஏறத்தாழ 7 விழுக்காடாகும். எது உண்மை என்பதற்குச் சிறு சான்றாவது தேடலாம். வினாநிரலை மாதிரி தந்தவர்களுக்கு மட்டுமன்றி 320 குழந்தைகளுக்கும் நிரப்பியிருந்தால், இரு குழுக்களிலும் கழிப்பறைப் பயன்பாட்டை ஒப்பிட இயலும். சுருக்கத்தில் 200 என்னும் எண்ணோடு 320 என்னும் எண்ணும் இடம்பெற்றால்தான் படிப்பவர் இவ்வினாவை எழுப்பவே முடியும்.

மாத்திரை வழங்கிய நாளும் மாதிரி எடுத்த நாளும்

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆண்டில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய இரு நாள்களை ஒட்டி, ஒன்று முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வழங்கப்படுகிறது. பள்ளிக் குழந்தைகளுக்கு 400 மில்லிகிராம் ஒரே வேளை. எடுத்துக்காட்டு ஆய்வின் மாதிரிகள் மார்ச் இறுதியில், அதாவது மாத்திரை உண்டு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் எடுக்கப்பட்டவை.

இந்த ஆறு வாரம் ஒரு பொறி. மாத்திரை குடலிலிருந்த புழுக்களில் பெரும்பாலானவற்றை நீக்கியிருக்கும். அதன்பின் வெறுங்காலில் புகுந்த புதிய கொக்கிப்புழு, நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து முதிர்ந்து முட்டையிட ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். உருளைப்புழுவுக்கு இரண்டு முதல் மூன்று மாதம் தேவை. ஆகவே மார்ச் இறுதியில் உடலில் புழு இருந்தாலும் மலத்தில் முட்டை இராமல் போகலாம். நுண்ணோக்கி காண்பது முட்டையையே; புழுவை அன்று. அந்நிலையில் கிடைக்கும் குறைந்த விழுக்காடு, மாத்திரை அண்மையில் வழங்கப்பட்டது என்பதைத்தான் காட்டுகிறது. தொற்றும் சூழல் மாறிவிட்டது என்பதைக் காட்டவில்லை. அடுத்த சுற்று மாத்திரைக்குச் சற்று முன்னர், சூலை இறுதியில் மாதிரி எடுத்திருந்தால், இரு சுற்றுகளுக்கு இடையில் எவ்வளவு மறுதொற்று ஏற்படுகிறது என்பது தெரிந்திருக்கும்.

இதிலிருந்தே "திட்டம் வெற்றி பெற்றுள்ளது" என்னும் இரண்டாவது வாக்கியத்தின் குறையும் விளங்கும். வெற்றியைக் கூற, முன்னர் இருந்த அளவு வேண்டும். அதே பள்ளிகளில், அதே முறையில், ஆண்டின் அதே பருவத்தில் எடுத்த அளவு வேண்டும். ஒரே நாளில் எடுத்த ஒரு குறுக்குவெட்டு ஆய்வில் அது இல்லை. எந்தக் குழந்தை மாத்திரையை உண்டது, எது அன்று பள்ளிக்கு வரவில்லை என்னும் விவரத்தைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்வதும் பொருத்தமானது.

திருத்தி எழுதிய சுருக்கம்

மேற்கண்டவற்றைக் கருத்திற்கொண்டு, அதே எடுத்துக்காட்டின் சுருக்கம் பின்வருமாறு அமையலாம்.

> *நோக்கம்:* விருத்தாசலம் பகுதியின் நான்கு தொடக்கப்பள்ளிகளில் மண்வழிக் குடற்புழுத் தொற்றைக் கண்டறிதல்.
>
> *முறை:* குறுக்குவெட்டு ஆய்வு. போக்குவரத்து வசதி கருதி நான்கு பள்ளிகள் தேரப்பட்டன. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 320 பேருக்குக் குப்பிகள் வழங்கப்பட்டன. ஒரு மாதிரிக்கு ஒரு கேட்டோ–காட்ஸ் வில்லை; தயாரித்த ஒரு மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்டது. மாதிரிகள் குடற்புழு நீக்க நாளுக்கு ஆறு வாரங்களுக்குப் பின் எடுக்கப்பட்டன.
>
> *முடிவு:* 200 பேர் (62.5 விழுக்காடு) மாதிரி தந்தனர். 16 பேரிடம் (8 விழுக்காடு) முட்டைகள் காணப்பட்டன: கொக்கிப்புழு 14, உருளைப்புழு 3, இரண்டும் 1. அனைத்தும் இலேசான தொற்று. பள்ளிவாரியாகப் பரவல் 0 முதல் 22 விழுக்காடு வரை. பள்ளிகளை அலகாகக் கொண்ட 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 0 முதல் 23.
>
> *வரம்பு:* ஒற்றை வில்லையும் அண்மை மருந்தும் பரவலைக் குறைத்துக் காட்டியிருக்கும். மாதிரி தராதோரின் நிலை தெரியாது. பள்ளிகள் வாய்ப்புமுறையில் தேரப்படவில்லை.
>
> *முடிவுரை:* ஒரு பள்ளியில் கொக்கிப்புழுத் தொற்று குவிந்துள்ளது. இப்பகுதியின் பரவலை மதிப்பிடவும் திட்டத்தின் விளைவை அறியவும் இத்தரவு போதாது. அடுத்த மாத்திரைச் சுற்றுக்கு முன், கூடுதலான பள்ளிகளில், இரட்டை வில்லையுடன் மறு ஆய்வு தேவை.

இச்சுருக்கத்தில் வரம்புகள் பொதுவான பணிவுரையாக எழுதப்படவில்லை. "மாதிரி அளவு சிறியது" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு வரம்பும் முடிவை எத்திசையில் இழுக்கிறது என்பதைக் கூற வேண்டும். ஒற்றை வில்லையும் மாத்திரையின் அண்மையும் விழுக்காட்டைக் குறைக்கும் திசையில் இழுப்பவை. திரும்பாத குப்பிகளின் திசை தெரியாது. பள்ளித் தேர்வு எத்திசையிலும் இழுக்கக்கூடும். "இலேசான தொற்று" என்பதும் வெறும் அடைமொழி அன்று. கொக்கிப்புழுவாயின் கிராமுக்கு 2000க்கும், உருளைப்புழுவாயின் 5000க்கும் குறைவான முட்டைகள் என்னும் வரையறையைக் குறிக்கிறது.

சுருக்கத்தில் இடம்பெறாத, ஆனால் செய்யப்பட்டிருக்க வேண்டிய இரண்டு செயல்கள் உள்ளன. முட்டை காணப்பட்ட 16 குழந்தைகளுக்கும் மருத்துவரின் வழி மருந்து கிடைத்திருக்க வேண்டும். சுவரொட்டி அச்சாகும் வரை அது காத்திருக்கக் கூடாது. அடுத்து, ஈ பள்ளியின் பெயர் சுவரொட்டியில் வரக்கூடாது. சிற்றூரில் ஒரு பள்ளியின் பெயர் புழுவோடு சேர்த்துச் சொல்லப்பட்டால், அடுத்த ஆண்டு குப்பி வாங்கும் குழந்தைகள் மேலும் குறைவர். அந்தப் பள்ளியின் எண்ணை அறிய வேண்டியவர்கள் அப்பள்ளியின் தலைமையாசிரியரும் வட்டார மருத்துவ அலுவலருமே ஆவர்.

முடிவுரை

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் குடற்புழு ஆய்வில் கிடைக்கும் விழுக்காடு, குழந்தையின் குடலிலிருந்து நேரே வருவதன்று. எந்தப் பள்ளி தேரப்பட்டது, எந்தக் குழந்தை குப்பியைத் திருப்பித் தந்தது, மாத்திரை எப்போது வழங்கப்பட்டது, வில்லை எவ்வளவு நேரம் காத்திருந்தது என்னும் நான்கு வாயில்களைக் கடந்தே அது சுவரொட்டியை அடைகிறது. எடுத்துக்காட்டில் 8 விழுக்காடாக வந்த எண், இவ்வாயில்களைக் கணக்கில் கொண்டபோது சுழி முதல் 23 வரையிலான இடைவெளியாக விரிந்தது. அவ்விரிவுக்குள் ஒரு பள்ளியின் பதினொரு குழந்தைகள் தெளிவாகத் தெரிந்தனர். சிறு ஆய்வு ஒரு வட்டாரத்தின் பரவலைச் சொல்ல இயலாமற் போகலாம். எந்தப் பள்ளிக்கு மீண்டும் செல்ல வேண்டும் என்பதை அதனால் சொல்ல இயலும்.